பர்னபாஸ் சுவிசேஷத்தின் காலம்: நூலுக்குள்ளிருந்து ஒரு சான்று

ஈஸா (அலை) அவர்களின் நேர்ச் சீடர் எழுதியதாகத் தன்னைக் கூறிக்கொள்ளும் பர்னபாஸ் சுவிசேஷம், 1907இல் ராக் தம்பதியர் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பின் மூலம் பரவலாக அறியப்பட்டது. சமய விவாதங்களில் அதை முதல் நூற்றாண்டு ஆவணமாக எடுத்தாளுவோர் இன்றும் உளர். அதன் காலத்தை அந்நூலிடமே கேட்டுப் பார்ப்போம்.

82ஆம் அத்தியாயத்தில், சமாரியப் பெண்ணுடன் உரையாடும் ஈஸா (அலை) அவர்கள், யூபிலி ஆண்டு இப்போது நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவதாகக் குறிப்பிடுகிறார்கள். தவ்ராத்தின் சட்டமோ வேறு. லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தின்படி யூபிலி ஐம்பதாம் ஆண்டில் வருவது. முதல் நூற்றாண்டு யூதர் எவரும் இதில் தடுமாறியிருக்க மாட்டார். நூறாண்டுக் கணக்கு ரோமாபுரியில் பிறந்தது. போப் எட்டாம் போனிஃபேஸ் 1300இல் யூபிலியை அறிவித்து, இனி நூறாண்டுக்கு ஒருமுறை என விதித்தார். 1343இல் போப் ஆறாம் கிளமெண்ட் அதை ஐம்பதாகக் குறைத்தார். 1350இல் அடுத்த யூபிலி நடந்தது. எனவே இவ்வாக்கியத்தை எழுதியவர் 1300க்குப் பிற்பட்டவர் என்றே கொள்ள வேண்டும்.

இங்கே இரண்டு இடங்களில் நாம் நிதானிக்க வேண்டியுள்ளது. முதலாவது, மேற்கண்ட முடிவு அவ்வொரு வாக்கியத்துக்கே உரியது. பழைய நூலொன்றில் பிற்காலத்து நகலெடுப்பாளர் அதைச் செருகியிருக்கலாம் அல்லவா? அதை நீக்கினாலும் உரையாடல் அறுபடாமல் செல்வதால் இவ்வையத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. ஆகவே வேறிடத்துச் சான்றையும் தேடுகிறோம். 20ஆம் அத்தியாயத்தில் ஈஸா (அலை) அவர்கள் கலிலேயா ஏரியில் படகேறி நாசரேத்தை அடைகிறார்கள். நாசரேத்தோ ஏரியிலிருந்து வெகுதொலைவில், மலைகளுக்கிடையே உள்ள ஊர். இது காலத்தைச் சொல்லவில்லை. ஆனால் எழுதியவர் அந்நிலத்தைக் கண்டவரல்லர் என்று சொல்கிறது. உடனிருந்த சீடர் என்ற உரிமைக்கோரிக்கை இங்கே தளர்கிறது. மது நிரப்பும் மரப்பீப்பாய்கள் பற்றிய குறிப்பையும் சிலர் சான்றாகக் காட்டுவர். ரோமர் காலத்திலேயே பீப்பாய்கள் இருந்தமையால் அதற்கு நாம் அதிக எடை தருவதில்லை.

இரண்டாவது, 1343ஐ மேல்வரம்பாகக் கொண்டு, நூல் இடைப்பட்ட நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்குள் எழுந்தது என முடிப்போர் அளவுமீறிச் செல்கின்றனர். வழக்கொழிந்த விதியைப் பின்வந்தவரும் படித்தோ கேட்டோ எழுதியிருக்கலாம். மேல்வரம்பை நூலுக்கு வெளியேதான் பெற வேண்டும். வியன்னாவிலுள்ள இத்தாலியக் கையெழுத்துப் பிரதியின் தாளும் எழுத்தும் பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சுட்டுகின்றன. எனவே 1300க்கும் பதினாறாம் நூற்றாண்டின் இறுதிக்கும் இடைப்பட்டது என்பதற்கு மேல் நாம் குறுக்கத் துணியவில்லை.

இந்நூலுக்குத் தொன்மை தேடித்தரும் கடமையும் நமக்கில்லை. திருக்குர்ஆன் ஈஸா (அலை) அவர்களை அல்மஸீஹ் என்றே அழைக்கிறது. இந்நூலிலோ அவர்களே தாம் மஸீஹ் அல்லர் என்கிறார்கள்.

ஜெலாசியஸ் பெயரால் வழங்கும் பழைய விலக்குப் பட்டியலில் பர்னபாஸ் பெயரிலான ஒரு சுவிசேஷம் குறிக்கப்பட்டிருப்பது உண்மையே. ஆனால் அங்கே கிடைப்பது பெயர் மட்டும். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வரியும் எஞ்சாத நிலையில், அதுவே இது என்று சொல்ல வழியில்லை.