3.30-ஆல் பெருக்கினால் போதுமா?
இரு நாட்டுச் சம்பளத்தை ஒப்பிடும் முறை

கோலாலம்பூரில் ஒரு நிறுவனம் மாதம் 4,000 ரிங்கிட் சம்பளம் தருவதாகச் சொல்கிறது. அதே வேலைக்குச் சிங்கப்பூரில் 3,500 வெள்ளி கிடைக்கிறது. படிப்பை முடித்துவிட்டு இரண்டு வேலைக் கடிதங்களையும் கையில் வைத்திருக்கும் ஒரு மலேசியப் பட்டதாரி எதைத் தேர்ந்தெடுப்பது?

பெரும்பாலோர் உடனே கைப்பேசியை எடுத்துப் பெருக்கிப் பார்ப்பார்கள். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு 3.30 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால், 3,500 வெள்ளி என்பது 11,550 ரிங்கிட். கோலாலம்பூர்ச் சம்பளத்தைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது என்று தோன்றும்.

ஆனால் அந்த 11,550 ரிங்கிட் சிங்கப்பூரில் வெள்ளியாகத்தான் கைக்கு வரும். அறை வாடகையும் மதியச் சாப்பாடும் வெள்ளியில்தான் போகும். நாணய மாற்று விகிதம், பணத்தை மாற்றினால் எவ்வளவு கிடைக்கும் என்பதை மட்டுமே சொல்கிறது. அந்தப் பணத்தால் அங்கே எவ்வளவு வாங்க முடியும் என்பதைச் சொல்ல இன்னோர் அளவுகோல் வேண்டும். பொருளியலில் அதை ‘வாங்கும் சக்திச் சமநிலை’ என்கிறார்கள்.

ஒரே கூடை, இரண்டு விலை

பெயர்தான் பெரிது, முறை எளிது. ஒரு மாதத்திற்குத் தேவையானவற்றை ஒரு கூடையாக எண்ணிக்கொள்ளுங்கள். அதே கூடைக்கு இரு ஊர்களிலும் என்ன விலை என்று பாருங்கள். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் கிடைப்பதுதான் அந்த விகிதம்.

தனியாளாக வாழும் ஓர் இளையரின் கூடையைப் போட்டுப் பார்ப்போம். கீழே உள்ள விலைகள் கணக்கை விளக்குவதற்காக நாமே வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் நிலவரத்திற்கேற்ப அவற்றை மாற்றிக்கொள்ளலாம்.

அறை வாடகை: 800 ரிங்கிட்; 900 வெள்ளி
மாதம் 60 வேளைச் சாப்பாடு: 600 ரிங்கிட், 360 வெள்ளி
போக்குவரத்து: 150 ரிங்கிட், 120 வெள்ளி
கைப்பேசிக் கட்டணம்: 50 ரிங்கிட், 20 வெள்ளி
மற்றச் செலவுகள்: 400 ரிங்கிட், 200 வெள்ளி
மொத்தம்: 2,000 ரிங்கிட், 1,600 வெள்ளி

2,000-ஐ 1,600-ஆல் வகுத்தால் 1.25 வருகிறது. அதாவது, கோலாலம்பூரில் 1 ரிங்கிட் 25 காசு செய்யும் வேலையைச் செய்யச் சிங்கப்பூரில் ஒரு வெள்ளி தேவைப்படுகிறது. இந்த விகிதத்தில் 3,500 வெள்ளியின் வாங்கும் சக்தி 4,375 ரிங்கிட்தான். மூன்று மடங்கு என்று தெரிந்தது இப்போது வெறும் ஒன்பது விழுக்காட்டு வித்தியாசமாகச் சுருங்கிவிட்டது.

இந்த 1.25 ஒருவருடைய கூடைக்கான விகிதம். நாடு முழுவதற்குமான விகிதத்தை உலக வங்கியின் ஒருங்கிணைப்பில் நடக்கும் அனைத்துலக ஒப்பீட்டுத் திட்டம் கணக்கிடுகிறது. 1968-இல் தொடங்கிய இந்தத் திட்டம், பல நாடுகளில் ஒரே மாதிரியான பொருள்கள், சேவைகளின் விலைகளைத் திரட்டுகிறது. அதன் கணக்கிலும் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்குச் சமமான வாங்கும் சக்தி 2 ரிங்கிட்டுக்கும் குறைவாகவே வருகிறது. 3.30-க்கும் இதற்கும் உள்ள இடைவெளி பெரிது.

இடைவெளி எங்கிருந்து வருகிறது?

கூடையில் உள்ள ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக வகுத்துப் பாருங்கள். சாப்பாட்டுக்கு 1.67, வாடகைக்கு 0.89 என்று வரும். இந்தக் கூடையில் இல்லாத ஒரு புதிய கைப்பேசியின் விலையை ஒப்பிட்டால், விகிதம் ஏறக்குறைய நாணய மாற்று விகிதத்தை ஒட்டியே இருக்கும். காரணம், கைப்பேசி கப்பலிலும் விமானத்திலும் எல்லை தாண்டிப் போகக்கூடியது. ஓரிடத்தில் மிகவும் மலிவாக இருந்தால், அங்கே வாங்கி இங்கே விற்க ஆள் வந்துவிடுவார். விலை வித்தியாசம் நெடுநாள் நிற்காது.

அறையை அப்படிக் கொண்டுபோக முடியாது. முடி திருத்துவதும் அப்படித்தான். முடி திருத்துபவருக்கு இரு ஊர்களிலும் ஏறக்குறைய ஒரே நேரம்தான் ஆகிறது. ஆனால் சிங்கப்பூரில் மற்றத் துறைகளில் ஊதியம் அதிகம் என்பதால், அவரைக் கடையில் தக்கவைக்க அதிகச் சம்பளம் கொடுக்க வேண்டும். கடை வாடகையும் அதிகம். இரண்டும் சேர்ந்து கட்டணத்தில் ஏறுகின்றன. வார இறுதியில் முடி வெட்டவும் கார் கழுவவும் சிங்கப்பூரர்கள் ஜொகூர் பாருவுக்கு வருவது இந்த இடைவெளியால்தான். சிங்கப்பூர்க் கார்கள் எல்லையைக் கடக்கும்போது எண்ணெய்த் தொட்டியில் முக்கால் பங்காவது இருக்க வேண்டும் என்ற விதியும் எண்ணெய் விலை வித்தியாசத்தால் வந்ததுதான்.

செலவுக்கு ஒரு விகிதம், சேமிப்புக்கு ஒரு விகிதம்

வித்தியாசம் ஒன்பது விழுக்காடுதான் என்றால், இத்தனை மலேசியர்கள் ஏன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார்கள்? ஒருவர் சம்பளம் முழுவதையும் வேலை செய்யும் ஊரிலேயே செலவழிப்பதில்லை. அங்கே செலவாகும் பகுதிக்கு வாங்கும் சக்தி விகிதம் பொருந்தும். ஊருக்கு வந்து சேரும் பகுதிக்கு நாணய மாற்று விகிதமே பொருந்தும். இரண்டையும் பிரித்தால்தான் கணக்கு தெளிவாகும்.

கோலாலம்பூர்ச் சம்பளம் 4,000 ரிங்கிட்டில், ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 440 ரிங்கிட், பிடிக்கப்படும். மீதி 3,560 ரிங்கிட். கூடைக்கு 2,000 போனால் கையில் 1,560 நிற்கும். 5,000 ரிங்கிட் வரை சம்பளம் பெறுவோருக்கு முதலாளி தம் பங்காக 13 விழுக்காடு செலுத்த வேண்டும். அது 520 ரிங்கிட். சேமநிதியில் சேரும் 960-ஐயும் கூட்டினால் மாதச் சேமிப்பு 2,520 ரிங்கிட்.

சிங்கப்பூரில் வேலை அனுமதியில் இருக்கும் மலேசியருக்கு மத்திய சேமநிதி கிடையாது. பிடித்தமும் இல்லை, முதலாளியின் பங்கும் இல்லை. 3,500 வெள்ளியில் கூடைக்கு 1,600 போனால் 1,900 வெள்ளி மிஞ்சும். வருமான வரி போன்ற மற்றப் பிடித்தங்கள் இந்தச் சம்பள அளவில் இரு பக்கமும் சிறியவை என்பதால் விட்டுவிடுவோம். இந்த 1,900 வெள்ளியை ஊருக்குக் கொண்டுவந்தால் 6,270 ரிங்கிட். கோலாலம்பூர்ச் சேமிப்பைப்போல் இரண்டரை மடங்கு.

அதே 1,900 வெள்ளியைச் சிங்கப்பூரிலேயே செலவழிக்க வேண்டிய நிலை வந்தால்? 1.25-ஆல் பெருக்குங்கள், 2,375 ரிங்கிட்தான் வருகிறது. கோலாலம்பூரில் சேமித்த 2,520-ஐ விடக் குறைவு.

சம்பளமும் செலவும் மாறவில்லை. சேமிப்பை எங்கே செலவிடப்போகிறோம் என்பது மட்டும் மாறியது. அதனால் விடையே தலைகீழாகிவிட்டது. சில ஆண்டுகள் சிக்கனமாக வாழ்ந்து கல்விக் கடனை அடைக்கவோ ஈப்போவில் வீட்டுக்கு முன்பணம் சேர்க்கவோ நினைப்பவருக்குச் சிங்கப்பூர்ச் சம்பளம் பெரிய தொகை. அங்கேயே குடும்பமாகத் தங்கி, வீடு வாங்கிப் பிள்ளை வளர்க்க நினைப்பவருக்கு, இந்தக் கணக்கில் அது கோலாலம்பூர்ச் சம்பளத்தை ஒட்டியதே. அப்படித் தங்குபவர் நிரந்தரவாசியானால் மத்திய சேமநிதியில் முதலாளியின் பங்கும் சேரும். அதைத் தனியாகக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

ஜொகூர் பாருவில் குடியிருந்து தினமும் பாலம் கடப்பவருக்கு இரு பக்கமும் லாபம் என்பார்கள். அவர் வெள்ளியில் சம்பாதித்து, பெரும்பகுதியை ரிங்கிட்டில் செலவழிக்கிறார் என்பது உண்மைதான். அவர் கொடுக்கும் விலை நேரம். மாதம் 22 நாள், தினம் 8 மணி நேர வேலை என்றால் 176 மணி நேரம். 11,550 ரிங்கிட்டுக்கு மணிக்குச் சுமார் 66 ரிங்கிட். போய்வர நாளுக்கு 4 மணி நேரம் ஆனால் மொத்தம் 264 மணி நேரம். அப்போது மணிக்குச் சுமார் 44 ரிங்கிட்.

கணக்கு எங்கே தவறும்?

முதலில், கூடை உங்களுடையதாக இருக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் நாட்டளவிலான விகிதத்தில் கவனம் தேவை. மொத்த உள்நாட்டு உற்பத்திக்கான விகிதத்தில் அரசாங்கச் சேவைகள், கட்டுமானம், இயந்திரங்கள் எல்லாம் அடங்கும். சம்பளத்தை ஒப்பிடக் குடும்பச் செலவுக்கான விகிதமே பொருத்தம். அதுவும் நாட்டுச் சராசரிதான். கோலாலம்பூர் வாடகையும் தைப்பிங் வாடகையும் அதில் ஒன்றாகக் கலந்திருக்கும்.

அடுத்து, கூடையில் உள்ளவை உண்மையிலேயே ஒரே மாதிரியானவைதானா என்று பாருங்கள். கோலாலம்பூரில் 800 ரிங்கிட்டுக்குக் கிடைப்பது தனி அறை; சிங்கப்பூரில் 900 வெள்ளிக்குக் கிடைப்பது இருவர் பகிரும் அறை என்றால் அந்த வரி பொய் சொல்கிறது. தனி அறைக்கு 1,300 வெள்ளி ஆகுமானால் கூடை 2,000 வெள்ளியாகும், விகிதம் 1.0-க்கு இறங்கிவிடும். அப்போது 3,500 வெள்ளியின் வாங்கும் சக்தி 3,500 ரிங்கிட்தான், கோலாலம்பூர்ச் சம்பளத்தையும் விடக் குறைவு. கூடையில் மிகப் பெரிய வரி வாடகை என்பதால், முதலில் உறுதிசெய்ய வேண்டியதும் அதுதான்.

மூன்றாவது, நாணய மாற்று விகிதம் நிலையாக நிற்பதில்லை. 2013-இல் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்குச் சுமார் 2.5 ரிங்கிட்தான் கிடைத்தது. மீண்டும் அந்த நிலை வந்தால், மாதம் 1,900 வெள்ளிச் சேமிப்பு 6,270 ரிங்கிட்டிலிருந்து 4,750-க்கு இறங்கும். சிங்கப்பூரில் செலவாகும் 1,600 வெள்ளியை இந்த ஏற்ற இறக்கம் உடனே தொடாது. சேமிப்பின் மதிப்பைத்தான் மாற்றும்.

ஆகவே அடுத்த முறை எவராவது வெளிநாட்டுச் சம்பளத்தை ரிங்கிட்டில் மாற்றிச் சொன்னால், மூன்று எண்களைக் கேளுங்கள்: அங்கே மாதச் செலவு எவ்வளவு? அதே வாழ்க்கைக்கு இங்கே எவ்வளவு ஆகும்? மிச்சத்தில் ஊருக்கு வருவது எவ்வளவு? முதல் இரண்டும் வாங்கும் சக்தியைச் சொல்லும். மூன்றாவது எண்ணை மட்டும் 3.30-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.