அட்வான்ஸ் வந்தால்தான் சாயம்

திருப்பூரில் ஒரு கம்பெனி தன் சின்னத்தோடு 500 டி-சர்ட் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்று 200 ரூபாய், மொத்தம் ஒரு லட்சம். பாதியை முன்பணமாகக் கேட்பதில் தயக்கமே வேண்டாம். அவர்கள் சொன்ன நிறத்தில் சாயமேற்றி, சின்னமும் அச்சடித்த துணியை வேறு யாரும் வாங்க மாட்டார்கள்.

சிக்கல் பெரும்பாலும் தேதியில்தான் வருகிறது. "10-ம் தேதி ஆரம்பிக்கிறோம்" என்று மொட்டையாகச் சொன்னால், வாடிக்கையாளர் நிறத்தை முடிவுசெய்யத் தாமதித்தாலும் பழி நம் மேல்தான். இப்படி எழுதுங்கள்: "ஐயா, முன்பணம் 50,000 ரூபாய் கணக்கில் ஏறி, சாம்பிளுக்கும் நிறத்துக்கும் நீங்கள் ஒப்புதல் தந்த மறுநாள் துணி சாயப்பட்டறைக்குப் போகும். அன்றிலிருந்து 20 நாளில் சரக்கு தயார்."

பணம் வந்ததும் ரசீதோடு ஆரம்பத் தேதியையும் எழுத்தில் அனுப்பிவிடுங்கள்.