எல்லையோரக் காகிதங்கள் – 7: இருபத்தெட்டாம் நாள் வைத்த பெயர்

பாறசாலை, காரோடு, செங்கல் பக்கத்து வீடுகள் பலவற்றில் குழந்தைக்கு இருபத்தெட்டாம் நாள்தான் இடுப்பில் கறுப்புச் சரடு கட்டி, காதில் பெயர் சொல்வார்கள். சட்டமோ பிறப்பை 21 நாளுக்குள் தெரிவிக்கச் சொல்கிறது. அதனால் பெயர் பிறக்கும் முன்பே மருத்துவமனையிலிருந்து படிவம் போய்விடுகிறது. பதிவேட்டில் பெயருக்கான கட்டம் காலியாகவே நிற்கிறது.

1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு அந்தக் கட்டத்தைப் பிறகு நிரப்ப வழி விட்டிருக்கிறது. பதிவான நாளிலிருந்து 12 மாதத்துக்குள் போனால் கட்டணம் இல்லை. அதன்பின் 15 ஆண்டு வரை சிறிய தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம்.

எந்த ஆபீசுக்குப் போவது என்பதில்தான் இந்த ஊர்க்காரர்கள் தடுமாறுகிறார்கள். பாறசாலையில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போன மருமகள், 2012 ஜூன் 4 அன்று மார்த்தாண்டத்தில் பெண் குழந்தை பெற்றாள். இரண்டாவது பையன் நெய்யாற்றின்கரை அரசு மருத்துவமனையில் பிறந்தான். இரண்டிலும் பெயர் விட்டுப்போயிற்று. பாறசாலைப் பஞ்சாயத்து ஆபீசில் தேடினால் இரண்டு பேருமே அகப்பட மாட்டார்கள். பிறப்பு நடந்த இடத்தில்தான் பதிவு. குடியிருக்கும் இடம் கணக்கில் வராது. அக்காளின் பதிவு தமிழ்நாட்டில், குழித்துறை நகராட்சியில் இருக்கும். தம்பியின் பதிவு கேரளத்தில், நெய்யாற்றின்கரை நகராட்சியில் இருக்கும். ஒரே வீட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டு மாநிலத்து விதிகள், இரண்டு மொழிச் சான்றிதழ்கள்.

போகும்போது பெயரில்லாத பழைய சான்றிதழையும் கொண்டுபோக வேண்டும். சேர்த்த பெயரை அதிலும் குறித்துத் தருவது பதிவாளரின் கடமை. பழைய பதிவேடு அவர் கையில் இல்லாவிட்டால், விண்ணப்பத்தை அது இருக்கும் அதிகாரிக்கு அனுப்பிவைப்பார். அப்போது நாள் கூடுதலாகும்.

எழுதிக் கொடுக்கும் பெயரில் கவனம் தேவை. தமிழ்நாட்டில் இனிஷியல் முன்னே வரும். கேரளத்தில் பெரும்பாலும் பின்னே. பள்ளியில் ஒரு விதம், சான்றிதழில் ஒரு விதம் என்றால் பாஸ்போர்ட் நேரத்தில் இடிக்கும். ஆகவே பள்ளிப் பதிவை எதிரே வைத்துக்கொண்டு, ஆங்கில எழுத்துகளையும் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்து எழுதுங்கள். காலிக் கட்டத்தை நிரப்புவது எளிது. நிரப்பிய பெயரைத் திருத்தப் போனால் 15-ஆம் பிரிவு வரும். பிழை என்று ஆதாரத்தோடு காட்டியாக வேண்டும்.

அக்காளின் பிறப்பு 2012 ஜூன் 15-இல் பதிவானது என்றால், அவளுக்கான 15 ஆண்டு 2027 ஜூன் நடுவில் முடிகிறது. அதைத் தாண்டினால், அரசு சலுகைக் காலம் அறிவிக்கிறதா என்று காத்திருக்க வேண்டியதுதான். 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பிறந்த தேதியை நிறுவப் பிறப்புச் சான்றிதழே ஆவணம் என்று ஆகிவிட்டது. பெட்டியில் மடித்து வைத்த சான்றிதழை இன்றே எடுத்து, பெயருக்கான கட்டத்தையும் பதிவு நாளையும் பாருங்கள். சான்றிதழில் அச்சாகியிருக்கும் அந்தப் பதிவு நாளிலிருந்துதான் 15 ஆண்டும் எண்ணப்படுகிறது.

(தொடரும்)