கத்தரியில் புகுத்திய பரம்பரையலகு

சாகாமக் குளத்து நீர் பாயும் வட்டைகளில் நெல்லும், அவற்றை அடுத்த மேட்டு நிலத்தில் கத்தரியும் செய்யும் கமக்காரருக்குத் தண்டு, காய் துளைப்பானை அறிமுகஞ் செய்யவேண்டியதில்லை. சிறிய வெண்ணிற அந்துப்பூச்சி இலையிலும் மொட்டிலும் முட்டையிடுகின்றது. முட்டையினின்று வெளிவந்த புழு சில மணி நேரத்துள் இளந் தண்டையோ காயையோ துளைத்து உட்சென்றுவிடுகின்றது. அதன் பின்னர் வெளியே எத்தனை தரம் கிருமிநாசினி தெளித்தாலும் புழுவை அது சென்றடைவதில்லை. தண்டின் நுனி வாடித் தொங்குவதும், காயிற் சிறு துளை காணப்படுவதுமே அடையாளங்கள். அவை தென்படும்போது காலங் கடந்துவிடுகின்றது. ஆகவேதான் வாரத்துக்கு இரு முறை, சில இடங்களில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என மருந்தடிக்கும் பழக்கம் வளர்ந்தது. முந்திய நாள் மாலை தெளித்த காயை மறுநாட் காலை சந்தைக்கு அனுப்புவோரும் உளர்.

இப்புழு தின்றால் தானே மடியும் ஒரு கத்தரி அயல் நாடுகளில் உண்டு என்ற செய்தி இப்போது கமக்காரரிடையே பேசப்படுகின்றது. அதனைச் சிலர் வரமென்கின்றனர், சிலர் நஞ்சென்கின்றனர். கடையில் விற்கும் விதைப் பைகள் யாவுமே அத்தகையன என்று எண்ணுவோரும் உண்டு. முதலில் இக்கடைசி எண்ணத்தைத் தெளிவுபடுத்துதல் நன்று.

பத்தலகொட ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1958-ம் ஆண்டில் வெளிவந்த எச்-4 நெல்லை முதியோர் நன்கு அறிவர். முருங்கக்காயன் 302 என்னும் நம் நாட்டு நெல்லையும், மாஸ் என்னும் இந்தோனேசிய நெல்லையும் மகரந்தச் சேர்க்கை செய்து, பிறந்த சந்ததிகளுள் நல்லவற்றைப் பல ஆண்டுகள் தெரிந்தெடுத்துப் பெற்ற இனம் அது. இன்று நாம் விதைக்கும் பீ.ஜீ., ஏ.ரி. நெல்லினங்களும் கலப்பிறப்பாக்கத்தின் வழி வந்தவையே. விதைப் பையில் எவ்.1 என எழுதியிருப்பின், வேறுபட்ட இரு பெற்றோரைக் கலந்த முதற் சந்ததி என்பதே அதன் பொருள். அதன் விதையைச் சேர்த்து வைத்து மீண்டும் நட்டால் தாய்ப் பயிரைப் போல் ஒரு சீராக வராது, அவ்வளவே. இவற்றுள் எதனையும் பரம்பரையலகு மாற்றிய பயிர் என்று கூறுதல் பொருந்தாது.

பரம்பரையலகு, அல்லது மரபணு என்பது உயிரினத்தின் கலத்துள் இருக்கும் ஒரு கட்டளை. இன்ன புரதத்தை ஆக்குக என்று அது கலத்துக்குக் கூறுகின்றது. நெல்லுக்கும் நெல்லுக்கும் இடையே மகரந்தத்தின் மூலம் ஆயிரக்கணக்கான கட்டளைகள் ஒருங்கே கலக்கின்றன. ஆனால் கத்தரியோடு மண்ணில் வாழும் ஒரு பற்றீரியா மகரந்தத்தால் கலத்தல் இயலாது. அந்தப் பற்றீரியாவின் ஒரு கட்டளையை மட்டும் எடுத்து, ஆய்வுகூடத்திற் கத்தரியின் கலத்துட் புகுத்துவதே பரம்பரையலகு மாற்றம் எனப்படும்.

இந்தியாவில் மகைக்கோ என்னும் விதைக் கம்பனி இதனைச் செய்தது. பசிலசு துரிஞ்சியென்சிசு என்பது மண்ணில் வாழும் பற்றீரியா. அதன் பெயர்ச் சுருக்கமே பீ.ரி. என்பது. சில வகைப் புழுக்களைக் கொல்லும் புரதம் ஒன்று அதனிடம் உண்டு. அப்புரதத்துக்குரிய கட்டளையை, செடிகளுக்குள் தன் பரம்பரைப் பொருளை இயல்பாகவே செலுத்தவல்ல வேறொரு மண் பற்றீரியாவிடம் ஒப்படைத்தனர். கத்தரி நாற்றின் வித்திலைத் துண்டுகளை அந்தப் பற்றீரியாக் கரைசலில் தோய்த்து, பின்னர் ஊட்டக் கூழில் வளர்த்தனர். மாற்றம் பெறாத கலங்கள் மடியுமாறு அக்கூழில் ஒரு நுண்ணுயிர்கொல்லி சேர்க்கப்பட்டிருந்தது. தப்பிய கலங்களிலிருந்து செடிகள் வளர்க்கப்பட்டன. கட்டளை எவ்விடத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பதை முன்கூட்டித் தீர்மானிக்க முடியாமையால், பல செடிகளை ஆராய்ந்து, நன்றாக அமைந்த ஒன்றையே தெரிந்தனர். அந்த ஒரு செடியின் வழித்தோன்றல்களை ஊர்க் கத்தரிகளோடு பன்முறை பிற்கலப்புச் செய்து இனங்களை உண்டாக்கினர். தமிழ்நாட்டின் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கும், வங்காளதேச விவசாய ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் இத்தொழில்நுட்பம் வழங்கப்பட்டது.

புழு எவ்வாறு மடிகின்றது என்பதை அறிந்தாலன்றி மனிதருக்குத் தீங்குண்டா என்ற வினாவுக்கு விடை காண முடியாது. புழுவின் குடற் சாறு காரத் தன்மையுடையது. அதிலே கரைந்து, குடலின் நொதியங்களால் வெட்டுண்ட புரதம், குடற் கலங்களிலுள்ள குறித்த சில பற்றிடங்களிற் போய் ஒட்டித் துளையிடுகின்றது. புழு உண்பதை நிறுத்திச் சில நாட்களில் இறந்துபோகின்றது. மனிதரின் இரைப்பையோ அமிலத் தன்மையுடையது. அத்தகைய பற்றிடங்களும் நம் குடலில் இல்லை. ஏனைய புரதங்களைப்போல இதுவும் சமிபாடடைகின்றது. இதே பற்றீரியாவைத் தூளாக்கித் தெளிக்கும் வழக்கம் பிரான்சில் 1938-ம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது.

எனினும், இவ்வாறு இருத்தல் வேண்டும் என்று கருதுவது ஒன்று. சோதித்துப் பார்ப்பது வேறொன்று. செயற்கை இரைப்பைச் சாற்றில் இப்புரதத்தை இட்டபோது அது மிக விரைவிற் சிதைந்தது. சமைத்த காயில் அது காணப்படவில்லை. எலிகளுக்கு 90 நாட்கள் ஊட்டிப் பார்த்தனர். முயல், ஆடு, கோழி, கறவைப் பசு, மீன் ஆகியவற்றுக்கும் ஊட்டினர். தீங்கு எதுவும் இல்லை என மதிப்பிட்ட குழுவினர் முடிவு செய்ய, 2009 ஒக்ரோபரில் இந்தியாவின் அனுமதிக் குழு இப்பயிருக்கு இசைவளித்தது.

அதன் பின்னரே பெரும் விவாதம் எழுந்தது. அக்காலத்துச் சுற்றாடல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களிற் பொதுமக்களையும் கமக்காரரையும் அறிஞரையும் கேட்டறிந்து, 2010 பெப்ரவரி 9-ம் திகதி இப்பயிரை நிறுத்தி வைத்தார். கத்தரி நஞ்சென்று நிரூபிக்கப்பட்டமையால் அவர் அவ்வாறு செய்யவில்லை. சோதனைகளிற் பெரும்பாலானவை கம்பனியின் பொறுப்பில் நடந்தவை. மக்கள் நம்பத்தக்க சுதந்திரமான சோதனைகள் வேண்டும். அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை. இந்தியா பல்வகைக் கத்தரிகளின் தாயகம் என்பனவே அவர் கூறிய காரணங்களுட் சில. விதையை விற்பவனே அதன் குணத்துக்கும் சான்று கூறுவதை எந்தக் கமக்காரனும் முழு மனத்தோடு ஏற்கமாட்டான், அக்குறை நியாயமானதே.

சோதனை உண்மையாகவே தீங்கைக் கண்டுபிடித்த வரலாறும் உண்டு. சோயா அவரையின் போசணையைக் கூட்டும் பொருட்டு, பிரேசில் நாட்டுக் கொட்டை ஒன்றின் பரம்பரையலகை அமெரிக்காவில் அதனுட் புகுத்தினர். அக்கொட்டை சிலருக்குக் கடும் ஒவ்வாமை விளைப்பது. ஆகவே அத்தகையோரின் குருதிப் பாயத்தோடு புதிய சோயாவைச் சோதித்தபோது, ஒவ்வாமைப் புரதம் சோயாவிலும் வந்துவிட்டமை வெளிப்பட்டது. 1996-ம் ஆண்டில் அம்முடிவு வெளியிடப்பட்டது. அந்தச் சோயா கைவிடப்பட்டது, சந்தைக்கு வரவேயில்லை. பரம்பரையலகு மாற்றம் முழுவதும் நன்றென்றோ தீதென்றோ ஒரு சொல்லில் தீர்ப்புக் கூற இயலாமைக்கு இதுவே காரணம். எந்தப் பயிரில் எந்தக் கட்டளை புகுந்தது என்பதைத் தனித்தனியே பார்த்தல் வேண்டும்.

விற்பனையிலுள்ள பயிர்களைப் பொறுத்தவரை, அமெரிக்கத் தேசிய அறிவியற் கழகங்களின் குழு 2016-ம் ஆண்டில் நூற்றுக்கணக்கான ஆய்வுகளைப் பரிசீலித்தது. ஏனைய உணவைவிட இவற்றால் மனிதருக்கு அதிக தீங்கு நேர்ந்தமைக்கு உறுதியான சான்றில்லை என அது கண்டது. எலிகளுக்குக் கட்டி உண்டாயிற்றெனப் பிரான்சில் 2012-ம் ஆண்டில் வெளிவந்த சோள ஆய்வு இன்றும் பலரால் எடுத்துக் கூறப்படுகின்றது. எலிகளின் தொகை அத்தகைய முடிவுக்குப் போதாதென்று அதனை வெளியிட்ட சஞ்சிகையே 2013-ல் மீளப் பெற்றது. ஆய்வாளர் அடுத்த ஆண்டில் வேறிடத்தில் மறுபடி வெளியிட்டனர். பின்னர் ஐரோப்பாவில் இரண்டாண்டுகள் எலிகளுக்கு ஊட்டி நடத்திய சோதனையில் அத்தகைய தீங்கு காணப்படவில்லை.

வயலில் நடந்ததை அறிய வங்காளதேசத்தைப் பார்த்தல் வேண்டும். 2013 ஒக்ரோபரில் அங்கு அனுமதி கிடைத்தது. 2014 ஜனவரியில் 20 கமக்காரருக்கு நாற்று வழங்கப்பட்டது. இவை எவ்.1 அல்ல, விதையைச் சேர்த்து மீண்டும் நடக்கூடிய இனங்கள். தொடக்கத்தில் எல்லாருக்கும் நன்றாக வரவில்லை. சிலரின் செடிகள் பற்றீரியா வாடல் நோயால் மடிந்தன. புகுத்திய கட்டளை துளைப்பான் புழுவுக்கு மட்டுமே உரியது. வாடல் நோய்க்கும் வெண்ணீக்கும் தத்திக்கும் சிற்றுண்ணிக்கும் அது எதுவுஞ் செய்யாது. இதனை அறியாது மருந்தே வேண்டாமென இருந்தோர் நட்டமடைந்தனர்.

பின்னர் 2017-18 காலத்தில் 200 கிராமங்களைச் சேர்ந்த ஏறக்குறைய 1,200 கமக்காரரைக் கொண்டு முறையான ஒப்பீடு நடத்தப்பட்டது. யாருக்குப் பீ.ரி. கத்தரி, யாருக்குச் சாதாரண கத்தரி என்பது குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்பட்டமையால், திறமையான கமக்காரர் ஒரு பக்கஞ் சேர்ந்துவிட இடமில்லை. சாதாரண செடிகளில் நூற்றுக்கு 34 அளவில் துளைப்பான் கண்டது, பீ.ரி. செடிகளில் நூற்றுக்கு 2 அளவே. விளைச்சல் நூற்றுக்கு 51 கூடியது. கிருமிநாசினிச் செலவு நூற்றுக்கு 37 அளவு குறைந்தது. மருந்தடித்த பின் தலைச்சுற்று, கண்ணெரிவு என்று கூறுவோரும் குறைந்தனர். தெளிப்பான் சுமப்பவரின் உடல்நலமும் பாதுகாப்பு மதிப்பீட்டில் இடம்பெறவேண்டிய ஒன்றே.

ஆயின் புழுவும் சும்மா இருப்பதில்லை. குஜராத்தில் பீ.ரி. பருத்தியின் இதே புரதத்தை இளஞ்சிவப்புக் காய்ப்புழு எதிர்த்து வாழ்வதாக 2010-ம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அதனைத் தடுக்க, வயலின் ஓரத்திற் சில வரிசைகள் சாதாரண செடியை நடுமாறு கூறப்படுகின்றது. வங்காளதேசக் கத்தரிக்கு அது நூற்றுக்கு 5 பங்கு. அவ்வரிசையில் வளரும் புழுக்கள் எதிர்ப்பில்லாதவை. அவற்றின் அந்துக்கள் எதிர்ப்புள்ளவற்றோடு கூடுவதால் எதிர்ப்புப் பரவுதல் தாமதமாகின்றது. புழு தின்னும் வரிசையை வேண்டுமென்றே நட எத்தனை பேர் மனம் ஒப்புவர் என்பதே இதிலுள்ள சங்கடம். மற்றொன்று மகரந்தம். தேனீயும் வண்டும் கத்தரி மகரந்தத்தைக் கொண்டு செல்வதால், அயல் தோட்டத்துக்கும் உறவான காட்டுக் கத்தரிக்கும் கட்டளை பரவ இடமுண்டு. பிலிப்பைன்சில் 2022-ம் ஆண்டு பயிரிட அனுமதித்த பீ.ரி. கத்தரியையும், அதற்கு முந்திய ஆண்டு அனுமதித்த பொன் நெல்லையும், பாதுகாப்பில் ஒருமித்த கருத்தில்லையெனக் கூறி, மேன்முறையீட்டு நீதிமன்றம் 2024 ஏப்ரலில் நிறுத்தியது.

இலங்கையில் பயிரிடுவதற்கென அனுமதிக்கப்பட்ட பரம்பரையலகு மாற்றிய நெல்லோ கத்தரியோ இல்லை. இத்தகைய உணவை இறக்குமதி செய்யவும் விற்கவும் சுகாதாரப் பகுதியின் அனுமதியும் சுட்டியும் வேண்டுமென்னும் விதிகள் 2007 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளன. ஆகையால் "புழு விழாத கத்தரி" என்று எவரேனும் நாற்றுக் கொணர்ந்தால் வாங்குதல் தகாது. இந்தியாவின் ஹரியானா மாநிலம் பதேகாபாத் மாவட்டத்தில் 2019-ம் ஆண்டு அனுமதியற்ற பீ.ரி. கத்தரி வளர்வதாகக் கண்டறியப்பட்டு, செடிகள் பிடுங்கி அழிக்கப்பட்டன. பார்வையால் அச்செடியை இனங்காண முடியாது; இலையும் பூவும் காயும் மற்றக் கத்தரியைப் போன்றவையே. இலையில் ஒரு துண்டை நீர்க்கரைசலில் நசுக்கி, அதனுட் சோதனைக் கீற்று ஒன்றை நிறுத்தினால், சில நிமிடங்களில் ஒரு கோடு மட்டுந் தோன்றின் அது சாதாரண கத்தரி. இரண்டு கோடுகள் தோன்றின் அப்புரதம் அச்செடியில் உண்டு.