தாமதமாக வந்த டிக்கெட் எந்தக் கணக்கில் சேரும்?

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் ஒரு பேருந்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். காலை 9:02-க்கு அது சிக்னல் கிடைக்காத மலை வளைவுகளுக்குள் நுழைகிறது. உள்ளே கூட்டம். கண்டக்டர் கையிலிருக்கும் மெஷினில் டிக்கெட் அடித்தபடி நகர்கிறார். அடித்த டிக்கெட்டின் விவரம் சர்வருக்குப் போக வழியில்லாமல் மெஷினுக்குள்ளேயே தங்குகிறது. 9:31-க்கு சிக்னல் திரும்பியதும் 38 டிக்கெட்டுகளும் ஒரே மூச்சில் போய்ச் சேர்கின்றன.

டிப்போவில் ஒரு டாஷ்போர்டு இருக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எத்தனை டிக்கெட் விற்றது என்று காட்டும் திரை அது. இந்த 38 டிக்கெட்டுகளை அது எந்தப் பத்து நிமிடத்தில் சேர்க்க வேண்டும்?

பழைய முறையில் இந்தக் கேள்வியே எழாது. டூட்டி முடிந்து கண்டக்டர் மெஷினை டிப்போவில் ஒப்படைப்பார். எல்லா மெஷின்களின் கணக்கும் ஏறிய பிறகு, நள்ளிரவு தாண்டி 2 மணிக்கு ஒரு புரோகிராம் ஓடி, முந்தைய நாளின் மொத்த வசூலைக் கூட்டி வைத்துவிடும். இதுதான் பேட்ச் முறை. கணக்கு சுத்தமாக இருக்கும். ஆனால் காலை 9 மணிக் கூட்டத்துக்குக் கூடுதல் பேருந்து விட வேண்டியிருந்தது என்பது மறுநாள்தான் தெரியும். அதனால்தான் டிக்கெட் வர வர உடனுக்குடன் கணக்கிடும் ஸ்ட்ரீம் ப்ராசஸிங் தேவைப்படுகிறது.

வந்துகொண்டே இருக்கும் தரவுக்கு முடிவு கிடையாது. முடிவில்லாததைக் கூட்ட முடியாது என்பதால் அதை நேரத் துண்டுகளாக வெட்டுகிறார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் விண்டோ என்று பெயர். நம் டாஷ்போர்டில் 9:00 முதல் 9:10 வரை ஒரு விண்டோ, 9:10 முதல் 9:20 வரை அடுத்தது.

ஆனால் எந்த நேரத்தை வைத்து வெட்டுவது? ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் இரண்டு நேரங்கள் உண்டு: அது அடிக்கப்பட்ட நேரம், சர்வருக்கு வந்து சேர்ந்த நேரம். வந்த நேரத்தை வைத்துக் கணக்கிடுவது சுலபம். அப்படிச் செய்தால் 9:30 விண்டோவில் திடீரென்று 38 பயணிகள் முளைப்பார்கள். அந்த நேரத்தில் புதிதாக யாருமே ஏறியிருக்க மாட்டார்கள். அதை நம்பி டிப்போ மேலாளர் கூடுதல் பேருந்து அனுப்பினால் அது காலியாகத்தான் போகும். எனவே அடித்த நேரத்தைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும்.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. அடித்த நேரத்தைக் கணக்கில் கொண்டால், 9:10 ஆனவுடன் முதல் விண்டோவை மூட முடியாது. இன்னும் வர வேண்டியவை இருக்கலாம். எவ்வளவு நேரம் காத்திருப்பது? இதற்கான விடைக்கு வாட்டர்மார்க் என்று பெயர். ‘இந்த நேரம் வரைக்குமான டிக்கெட்டுகள் எல்லாம் வந்துவிட்டன’ என்று கணினி வைத்துக்கொள்ளும் அனுமானம் அது. வழக்கமான கணக்கு எளிது: இதுவரை வந்த டிக்கெட்டுகளிலேயே மிகப் பிந்தைய நேரத்தை எடுத்து, அதிலிருந்து 5 நிமிடத்தைக் கழிப்பது. 9:15-க்கு அடித்த ஒரு டிக்கெட் வந்ததும் வாட்டர்மார்க் 9:10-ஐத் தொடும். முதல் விண்டோ மூடப்பட்டு, 412 டிக்கெட் என்று திரையில் விழும்.

இப்போது 9:31. மலைப் பேருந்தின் 38 டிக்கெட்டுகள் வருகின்றன. வாட்டர்மார்க் ஏறக்குறைய 9:26-ல் நிற்கிறது. 38-ல் 21 டிக்கெட்டுகள் முதல் விண்டோவைச் சேர்ந்தவை, 12 இரண்டாவதை, 5 மூன்றாவதைச் சேர்ந்தவை. 9:20 முதல் 9:30 வரையிலான மூன்றாவது விண்டோ இன்னும் மூடப்படவில்லை; அந்த 5 டிக்கெட்டுகளும் தாமதமே இல்லாதவைபோல உள்ளே சேர்ந்துவிடும். மற்ற இரண்டும் மூடியாயிற்று.

மூடிய பிறகும் ஒரு விண்டோவின் கணக்கை இன்னும் 30 நிமிடம் நினைவில் வைத்திரு என்று கணினிக்குச் சொல்லி வைத்திருந்தால், முதல் விண்டோவின் 412 திருத்தப்பட்டு 433 ஆகும். சொல்லாமல் விட்டால்? இத்துறையில் பரவலாகப் பயன்படும் அப்பாச்சி ஃபிளிங்க் மென்பொருளில் இந்தக் கூடுதல் அவகாசம், நாமாக மாற்றாத வரை, பூஜ்யம்தான். தாமதமானவை சத்தமில்லாமல் கைவிடப்படும். அவகாசமும் கடந்து வருபவற்றை, அதாவது பேட்டரி தீர்ந்து இரவு டிப்போவில்தான் உயிர் பெறும் மெஷினின் டிக்கெட்டுகளைப் போன்றவற்றை, தனிக் கூடையில் ஒதுக்கி வைக்கவும் வழி இருக்கிறது. ஒதுக்கி வைத்தால் அவை இரவுக் கணக்கிலாவது சேரும்.

திருத்தம் அனுப்புவதிலும் ஒரு பொறி உண்டு. 433 என்பது புதிய மொத்தமா, பழையதோடு கூட்ட வேண்டியதா என்பதைக் கணக்கிடும் புரோகிராமும் காட்டும் திரையும் முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் திரை இரண்டையும் கூட்டி 845 என்று காட்டும்.

வாட்டர்மார்க் தவறுவது பெரும்பாலும் இரண்டு வழிகளில். ஒரு மெஷினின் கடிகாரம் இரண்டு மணி நேரம் முன்னே ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து வரும் ஒரே ஒரு டிக்கெட் வாட்டர்மார்க்கை 11 மணிப் பக்கம் தள்ளிவிடும். அதன்பின் மற்ற மெஷின்களிலிருந்து ஒழுங்காக வரும் டிக்கெட்டெல்லாம் தாமதம் என்று ஒதுக்கப்படும். திரையில் விற்பனை படுத்துவிடும்; ஒதுக்கும் கூடை மட்டும் நிரம்பி வழியும். அந்தக் கூடையின் எண்ணிக்கையைக் கவனித்தால் நோய் பிடிபட்டுவிடும். சர்வரின் கடிகாரத்தைவிட வெகுதூரம் முன்னே நிற்கும் நேரங்களை வாசலிலேயே நிறுத்துவது மருந்து.

இரண்டாவது இதற்கு நேரெதிர். தரவு பல தடங்களில் வரும்போது, அவற்றில் எது பின்தங்கியிருக்கிறதோ அதுதான் மொத்த வாட்டர்மார்க்கை நிர்ணயிக்கும். ஒரு தடத்தில் டிக்கெட்டே வராமல் போனால் வாட்டர்மார்க் அங்கேயே நின்றுவிடும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. திரை மட்டும் 9:10-லேயே உறைந்திருக்கும். இவ்வளவு நேரம் பேசாத தடத்தைக் கணக்கிலிருந்து விலக்கிவிடு என்று முன்பே சொல்லி வைப்பதுதான் தீர்வு.

இதையெல்லாம் பார்த்தால் இரவு அறிக்கையே மேல் என்று தோன்றும். ஆனால் கூர்ந்து பாருங்கள். அதுவும் 24 மணி நேர விண்டோ ஒன்றை வைத்திருக்கிறது. அதிகாலை 2 மணிக்குள் எல்லாம் வந்துவிடும் என்ற அதன் நம்பிக்கையும் ஒரு வாட்டர்மார்க்தான். 3 மணிக்கு டிப்போ வந்து சேரும் மெஷின் அங்கேயும் தாமதம்தான். அதை அந்த அறிக்கை காட்டிக்கொள்வதில்லை, அவ்வளவே. கூகுள் பொறியாளர்கள் 2015-ல் வெளியிட்ட டேட்டாஃப்ளோ மாடல் என்ற ஆய்வுக் கட்டுரையின் சாரம் இதுதான்: தரவு முழுவதும் வந்துவிட்டது என்பதை ஒருபோதும் உறுதியாகச் சொல்ல முடியாது. துல்லியம், வேகம், செலவு ஆகிய மூன்றில் எதை எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதுதான் நம் கையில் இருக்கிறது.

அதனால் இரண்டும் வேண்டும், வெவ்வேறு வேலைக்கு. 9:15-க்கே கிடைக்கும் 412, கூடுதல் பேருந்து அனுப்பப் போதும். அந்த முடிவுக்கு 21 டிக்கெட் குறைந்தாலும் பாதகமில்லை. கண்டக்டரின் பணப்பையை அந்த எண்ணை வைத்துச் சரிபார்க்கக் கூடாது. அதற்கு, ஒதுக்கிய கூடையையும் சேர்த்துக்கொண்ட இரவுக் கணக்குதான் சாட்சி. டாஷ்போர்டில் ஓர் எண்ணைக் காட்டுபவர், பக்கத்திலேயே இன்னொன்றையும் காட்டட்டும்: இந்தக் கணக்கு எத்தனை மணி வரைக்குமானது, இன்னும் மாறுமா, மாறாதா.