கசியும் குழாயும் மூன்று தேதிகளும்

வாடகை வீட்டில் குழாய் கசிந்தால் முதலில் தொலைபேசியில் சொல்வதே வழக்கம். வேலை இழுத்துக்கொண்டே போனால், எப்போது சொன்னார், என்ன பதில் வந்தது என்பதில் இருவர் நினைவும் ஒத்துப்போகாது. அந்தப் பேச்சுகளைத் தேதியோடு எழுத்தில் கொண்டுவருவதுதான் நினைவூட்டு மின்னஞ்சலின் வேலை.

எழுதுவதற்கு முன் கசிவு எங்கே என்று பார்க்க வேண்டும். யாரும் தண்ணீர் புழங்காத இரவிலும் சுவரில் ஈரம் பரவினால், சுவருக்குள் பதித்த தண்ணீர்க் குழாயில் கசிவு இருக்கக்கூடும். குளித்த பிறகு மட்டும் ஈரம் தெரிந்தால், கழிவுநீர்க் குழாயையோ தரை ஓடுகளின் இடுக்கையோ சோதிக்க வேண்டும். இந்த ஒரு குறிப்பு இருந்தால் பிளம்பர் தேவையில்லாத இடத்தில் சுவரை உடைக்க மாட்டார்.

சென்னையில் ஒரு குடியிருப்பில் இருப்பவர் ஜூன் 24 அன்று எழுதும் மின்னஞ்சல் இப்படி அமையலாம்:

"பொருள்: குளியலறைச் சுவர்க் குழாய்க் கசிவு – அவசரப் பழுது

ஐயா, வணக்கம். ஜூன் 4 அன்று தொலைபேசியில் கசிவைத் தெரிவித்தேன். ஆள் அனுப்புவதாகச் சொன்னீர்கள். 11 அன்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். 18 அன்று மீண்டும் பேசினேன். இதுவரை யாரும் வரவில்லை. இப்போது ஈரம் படுக்கையறை சுவிட்ச் பெட்டி வரை வந்துவிட்டதால் அந்த இணைப்பை அணைத்து வைத்திருக்கிறேன். ஜூன் 27க்குள் பிளம்பரை அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன். மாலை 5 மணிக்கு மேல் வீட்டில் இருப்பேன். படங்கள் இணைப்பில்."

ஒவ்வொரு தேதியோடும் சொன்ன வழி இருப்பதைக் கவனிக்கலாம். "பல முறை சொல்லிவிட்டேன்" என்பதை மறுக்க முடியும். படம் அனுப்பிய நாளை மறுப்பது கடினம். அவசரம் என்ற சொல்லுக்குக் காரணமும் சுவிட்ச் பெட்டியின் வடிவில் வந்துவிடுகிறது. பழைய மனக்குறைகளைச் சேர்த்தால் பதில் அவற்றைப் பற்றியே வரும். பழுது பின்னுக்குப் போகும்.

யார் செலவு என்பதற்கு 2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை விடை தருகிறது. குழாய்களை மாற்றுவது உரிமையாளர் பொறுப்பு. தண்ணீர்த் திருகையும் அதன் வாஷரையும் மாற்றுவது குடியிருப்பவர் பொறுப்பு. தன் பொறுப்பிலுள்ள பழுதை உரிமையாளர் நியாயமான காலத்துக்குள் செய்ய மறுத்தால், குடியிருப்பவரே செய்து வாடகையில் கழிக்கலாம். ஒரு மாதத்தில் கழிப்பது வாடகையில் பாதியைத் தாண்டக் கூடாது. அப்படிக் கழிக்க நேர்ந்தால், உரிமையாளருக்குப் போதிய அவகாசம் தரப்பட்டதைக் காட்ட இந்த மின்னஞ்சலும் பிளம்பரின் ரசீதும் கையில் இருக்க வேண்டும்.