எந்த அலர்ட்டுக்கு யார் எழுந்தார்கள்?

2013 நவம்பர் இறுதியில் அமெரிக்காவின் டார்கெட் அங்காடி நிறுவனத்துக் கணினிகளில் புகுந்திருந்த திருட்டு மென்பொருளைக் கண்காணிப்புக் கருவி கண்டுபிடித்துவிட்டது. பெங்களூரில் பணியில் இருந்த குழு மினியாபோலிஸ் தலைமையகத்துக்குத் தகவலும் அனுப்பியது என்று 2014 மார்ச்சில் புளூம்பெர்க் பிசினஸ்வீக் இதழ் எழுதியது. தலைமையகத்தில் உடனே எதுவும் நடக்கவில்லை. சுமார் 4 கோடி கார்டுகளின் விவரங்கள் களவுபோயின. வாரந்தோறும் ஏராளமான நிகழ்வுகள் பதிவாகின்றன, இதை ஆராய்ந்தவர்கள் உடனடி நடவடிக்கை தேவையில்லை என்று முடிவெடுத்தார்கள் என்பதே நிறுவனம் பின்னர் தந்த விளக்கம்.

எச்சரிக்கை வந்தும் பயனில்லாமல் போகும் இந்த நிலை, சர்வர்களைப் பராமரிக்கும் எல்லாக் குழுக்களுக்கும் தெரிந்ததுதான். டிஸ்க் நிரம்பினாலும், தளம் மெதுவானாலும் இரவுப் பணியில் இருப்பவரின் போனுக்கு அலர்ட் வரும். ஒவ்வொரு கோளாறுக்குப் பிறகும் யாராவது புதிதாக ஒரு அலர்ட்டைச் சேர்க்கிறார்கள். எடுப்பவர் யாரும் இல்லை. பத்தில் ஒன்பது வெற்று அலர்ட் என்று பழகிய கை, பத்தாவதையும் பார்க்காமல் மூடிவிடும்.

இதற்கு மாற்று, மாதம் ஒரு முறை இரவுப் பணி பார்ப்பவர்கள் எல்லாரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, அந்த மாதம் வந்த அலர்ட்டுகளைக் கணக்குப் பார்ப்பது. ஒவ்வொரு அலர்ட்டும் எத்தனை முறை வந்தது, அதற்காக யாராவது எதையாவது செய்தார்களா என்பவைதான் கேள்விகள்.

முதல் கேள்விக்கு விடை எளிதில் கிடைக்கும். ஆனால் பழைய பதிவு இருக்க வேண்டும். பலர் பயன்படுத்தும் பிராமிதியஸ் என்ற கண்காணிப்பு மென்பொருள், நாம் மாற்றாவிட்டால் 15 நாள் தரவை மட்டுமே வைத்திருக்கும். மாதக் கணக்கு பார்க்க உட்கார்ந்தால் முதல் பாதி இருக்காது.

இரண்டாவது கேள்வியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். போனில் ‘பார்த்துவிட்டேன்’ என்ற பொத்தானை அழுத்தியதைச் செயல் என்று எண்ணிவிடுகிறார்கள். தூக்கத்தில் கூட அந்தப் பொத்தானை அழுத்தலாம். சர்வருக்குள் நுழைந்து எதையாவது மாற்றினாரா, பழுதுக்கு டிக்கெட் போட்டாரா, இன்னொருவரை எழுப்பினாரா என்பதே கணக்கு. அலர்ட்டை மூடும்போதே ‘சரிசெய்தேன்’, ‘பார்த்தேன், தேவைப்படவில்லை’, ‘தானாகச் சரியானது’ என்று மூன்றில் ஒன்றைக் குறிக்கச் சொன்னால், மாதக் கடைசியில் நினைவை நம்பி இருக்க வேண்டியதில்லை.

பேருந்து முன்பதிவுத் தளம் ஒன்றில் ஒரு மாதத்தில் 300 அலர்ட்டுகள் வந்தன என்று வைத்துக்கொள்வோம். பெயர்வாரியாகப் பிரித்தால், சிபியு 80 சதவீதத்தைத் தாண்டியது என்று 140. யாரும் எதுவும் செய்யவில்லை. டிஸ்க் 80 சதவீதம் நிரம்பியது என்று 90. செயல் 6 முறை. ஒரு நிரல் நினைவகத்தை விழுங்கியது என்று 40. நாற்பது முறையும் அதை நிறுத்தித் திரும்ப ஓட்டினார்கள். பணம் செலுத்துவது தோல்வி என்று 4, நான்குக்கும் ஓடினார்கள். மீதி 26 உதிரிகள்.

சிபியு அலர்ட்டை எடுத்துவிடலாம். வெள்ளிக்கிழமை மாலை ஊருக்குப் போகிறவர்கள் மொத்தமாக முன்பதிவு செய்யும்போது சிபியு 90 சதவீதம் போவது இயல்பு; டிக்கெட் கிடைத்துக்கொண்டிருந்தால் யாருக்கும் குறையில்லை. பயணி உணர்வது காத்திருக்கும் நேரத்தை. எனவே அதன் இடத்தில், பதில் வர 3 வினாடிக்கு மேலாகும் நிலை 10 நிமிடம் நீடித்தால் எழுப்பு என்று ஒன்றை வைக்கலாம். சிபியு அளவு வரைபடத்தில் இருக்கட்டும். காரணம் தேடும்போது உதவும்.

டிஸ்க் அலர்ட்டை எடுக்கக் கூடாது, திருத்த வேண்டும். 90 முறையில் 6 முறை அது உண்மையைச் சொல்லியிருக்கிறது. தவறு 80 சதவீதம் என்ற கோட்டில் இருக்கிறது. 2,000 ஜிபி டிஸ்கில் 80 சதவீதம் நிரம்பினால் 400 ஜிபி மிச்சம். நாளுக்கு 2 ஜிபி சேர்ந்தால் 200 நாள் தாங்கும். 50 ஜிபி டிஸ்கில் மிச்சம் 10 ஜிபி. லாக் கோப்பு ஒன்று கட்டுமீறி மணிக்கு 5 ஜிபி வளர்ந்தால் 2 மணி நேரத்தில் தளம் நின்றுவிடும். இரண்டுக்கும் ஒரே அலர்ட் வருகிறது. கேட்க வேண்டியது, இந்த வேகத்தில் போனால் எப்போது நிரம்பும் என்பதை:

```
expr: |
  predict_linear(node_filesystem_avail_bytes[1h], 4*3600) < 0
  and
  node_filesystem_avail_bytes / node_filesystem_size_bytes < 0.2
for: 10m
```

கடந்த ஒரு மணி நேரத்துப் போக்கை வைத்து, 4 மணி நேரத்துக்குள் இடம் தீரும் என்று தெரிந்தால் மட்டும் இது எழுப்பும். இரவு பேக்கப் ஓடும்போது டிஸ்க் சற்று நேரம் வேகமாக நிரம்புவதும் இதே போலத் தெரியும் என்பதால், மிச்ச இடம் 20 சதவீதத்துக்குக் கீழே போயிருக்க வேண்டும் என்ற இரண்டாவது நிபந்தனை. கடைசி வரி, இந்த நிலை 10 நிமிடம் நீடிக்க வேண்டும் என்கிறது. வந்து வந்து மறையும் அலர்ட்டுகளில் பெரும்பகுதி இந்த ஒரு வரியால் அடங்கிவிடும். மெதுவாக நிரம்பும் டிஸ்குக்கு, பகலில் பார்த்துக்கொள்ள ஒரு டிக்கெட் போதும்.

நினைவக அலர்ட்டின் கணக்கு 40க்கு 40. பார்வைக்கு இதுதான் மிகச் சிறந்த அலர்ட். ஆனால் நாற்பது முறையும் ஒரே வேலையைச் செய்ய ஒரு மனிதரை எழுப்பியிருக்கிறார்கள். நிரலில் நினைவகக் கசிவு இருக்கிறது. அலர்ட்டைத் தொட்டு அது தீராது. கசிவை அடைக்கும் பொறுப்பை ஒருவர் பெயரில் எழுதி, அதுவரை நிரலைத் தானாகத் திரும்ப ஓட வைக்க வேண்டும். பணம் செலுத்தும் அலர்ட்டைத் தொட வேண்டாம்.

இவ்வளவும் ஒரு பக்கக் கணக்குதான். வந்ததை மட்டும் எண்ணினால், எண்ணிக்கையைக் குறைப்பதே நோக்கமாகிவிடும். எல்லா அலர்ட்டையும் அணைத்தால் எண்ணிக்கை பூஜ்யம்! அதனால் அந்த மாதத்துக் கோளாறுகளின் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். எதற்கு அலர்ட் வந்தது, எதைப் பயணிகளின் புகார்தான் முதலில் சொன்னது என்று பார்க்க வேண்டும். புகார் முந்திக்கொண்ட ஒவ்வொரு இடத்திலும் ஒரு அலர்ட் குறைகிறது. எடுக்கப்போகும் அலர்ட்டையும் இதே பட்டியலோடு ஒப்பிட வேண்டும்: கடந்த ஆறு மாதத்தில் ஏதாவது ஒரு கோளாறை இது மட்டுமே முதலில் சொன்னதா? இல்லை என்றாலும், ஒரு மாதம் போனுக்கு அனுப்பாமல் பதிவு மட்டும் செய்து பார்த்துவிட்டு எடுப்பது நல்லது.

ஒரு முறை கூட வராத அலர்ட்டுகளும் பட்டியலில் இருக்கும். அவற்றைத் தேவையற்றவை என்று எண்ணிவிடக் கூடாது. பேக்கப் தோல்வி அலர்ட் வராததற்குக் காரணம் பேக்கப் ஒழுங்காக ஓடுவதாக இருக்கலாம். அந்த அலர்ட்டே செத்துப்போயிருக்கவும் கூடும். சோதனைக்காக ஒரு பேக்கப்பை வேண்டுமென்றே தோற்க வைத்து, போன் ஒலிக்கிறதா என்று பார்ப்பது ஒன்றே வழி.

எவ்வளவு அலர்ட் தாங்கும் என்பதற்கும் ஓர் அளவுகோல் உண்டு. 2016இல் வெளிவந்த கூகுளின் சர்வர் பராமரிப்பு நூல், 12 மணி நேரப் பணியில் இரண்டு சம்பவங்களுக்கு மேல் ஒருவரால் ஒழுங்காகக் கவனிக்க முடியாது என்று கணக்கிடுகிறது. காரணம் தேடுவது, சரிசெய்வது, எழுதிவைப்பது எல்லாம் சேர்ந்து ஒரு சம்பவமே பல மணி நேரம் எடுக்கும். நம் எடுத்துக்காட்டில் மாதம் 300 என்றால் 12 மணிக்கு ஐந்து. சிபியுவின் 140ஐ எடுத்து, டிஸ்கின் 90 சுமார் ஆறாகி, நினைவகத்தின் 40 தானியங்கிக்குப் போனால் மிஞ்சுவது ஏறத்தாழ 36. புதிதாக வைத்த வேக அலர்ட் எத்தனை முறை எழுப்பியது, அதற்கு யார் என்ன செய்தார் என்பதே அடுத்த மாதக் கூட்டத்தின் முதல் வேலை.